மேசையும் பசியும்

பதுளை, பசறை, அப்புத்தளை மலைகளில் கொழுந்து பறித்த அன்னையரின் மக்கள் பலர் இன்று ஆசிரியராயும் குமாஸ்தாவாயும் மேசைமுன் அமர்ந்துள்ளனர். மலையேறும் உழைப்பு போயிற்று, பசியோ போகவில்லை.

இதன் காரணத்தை 1956இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. ழான் மேயரும் அவர்தம் துணைவரும் வங்காளச் சணல் ஆலையொன்றில் தொழிலாளரின் உணவையும் எடையையும் அளந்தனர். அமர்ந்தே தொழில் செய்தோர், பாரம் சுமந்தோருக்கு ஒப்ப உண்டனர். எடையிலோ அவரை விஞ்சினர். ஓரளவு நடமாடியவரோ அமர்ந்திருந்தோரைவிடக் குறைவாகவே உண்டனர். அசைவு அறவே குறைந்தவிடத்துப் பசி தன் அளவை இழக்கின்றது.

இரண்டு கரண்டிச் சீனியிட்ட தேநீரொன்று ஏறத்தாழ 40 கலோரி தரும். அமர்ந்திருப்பதைவிட மெல்ல நடக்கையில் நிமிடத்துக்கு 2 கலோரியளவு கூடுதலாகச் செலவாகும். ஆகவே 20 நிமிட நடை ஒரு தேநீருக்கு ஈடு. ஓராண்டில் இது 14,600 கலோரி. ஏறக்குறைய இரண்டு கிலோக் கொழுப்பு. உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்வதால் முதலாண்டில் பாதியளவே குறையக்கூடும்.

இந்த 20 நிமிடமும் ஒருசேர வேண்டுவதில்லை. கோப்பைத் தாமே எடுத்துச் செல்லல், வகுப்பில் நின்று உலவிக் கற்பித்தல், ஒரு தரிப்பிடம் முன்னரே பஸ்ஸைவிட்டு இறங்கி மேடேறுதல் ஆகியன போதும். ஆனால், நடந்தோமென்று இன்னொரு தேநீர் பருகின் கணக்கு அழிந்துவிடும். மாதமொருமுறை இடையை நூலால் அளப்போர் இதனை எளிதில் அறிவர்.