‘அட்மினுக்கு சம்பளம் ஏத்துங்க’ முதல் ‘மொதல்ல டெலீட் பண்ணு’ வரை: பிராண்ட் மீம்கள் எங்கே சறுக்குகின்றன?

ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் நல்ல மீம் வந்தால் கமென்ட்டில் ‘அட்மினுக்கு சம்பளம் ஏத்துங்கப்பா’ என்பார்கள். அதே பக்கம் சொதப்பினால் ‘அட்மின், மொதல்ல இதை டெலீட் பண்ணு’ என்பார்கள். பல நேரங்களில் இரண்டுமே ஒரே அட்மின், ஒரே பாணி நக்கல்தான். அப்படியென்றால் எங்கே தடம் மாறுகிறது?

2021 மார்ச் 8, சர்வதேச மகளிர் தினம். பர்கர் கிங் நிறுவனத்தின் பிரிட்டன் ட்விட்டர் கணக்கில் காலையிலேயே ஒரு பதிவு. ‘பெண்களின் இடம் சமையலறைதான்’ என்ற பொருளில் ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே, தொடர் பதிவாக, ‘அவர்கள் விரும்பினால் மட்டும்’ என்று ஆரம்பித்து, தொழில்முறை சமையல் கலைஞர்களில் 20 சதவீதம்தான் பெண்கள், அதை மாற்ற எங்கள் பெண் ஊழியர்களுக்கு உதவித்தொகை தருகிறோம் என்று விளக்கம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. முதல் வரியில் அதிர்ச்சி, அடுத்த வரியில் ‘அட, நல்ல விஷயம்தானே’ என்ற நிம்மதி. எழுதியவர்கள் போட்ட கணக்கு அதுதான்.

ஆனால், ட்விட்டரில் ஒவ்வொரு பதிவும் தனித்தனியாகத்தான் பயணிக்கும். முதல் பதிவை ஒருவர் பகிர்ந்தால் அந்த ஒரு வரி மட்டும்தான் போகும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலும் அப்படியே. விளக்கம் வந்த இரண்டாவது பதிவைப் பார்க்க, கை வைத்துத் தொட்டு உள்ளே போக வேண்டும். கோபம் வந்தவர் எதற்குப் போகப்போகிறார்? மகளிர் தினத்தன்று, பெண்களை இத்தனை காலம் மட்டம் தட்டப் பயன்பட்ட ஒரு வாக்கியத்தை, ஒரு பெரிய நிறுவனமே சொன்ன மாதிரிதான் பலரின் திரையில் அது தெரிந்தது.

அமெரிக்காவில் இதே வாக்கியத்தைத் தலைப்பாக வைத்து நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப் பக்க விளம்பரமும் வந்தது. அதற்கும் விமர்சனம் வந்தது. ஆனால், அங்கே தலைப்பும் விளக்கமும் ஒரே தாளில் இருந்தன. யாராலும் கத்தரித்துத் தனியாக அனுப்ப முடியாது என்றில்லை, ஆனால் கத்தரிக்க ஒருவர் மெனக்கெட வேண்டும். ட்விட்டரில் அந்த வேலையை நிறுவனமே செய்து கொடுத்துவிட்டது!

பதிவு போடுவதற்கு முன் இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. அந்தப் பதிவை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கேப்ஷன், அடுத்த ஸ்லைடு, தொடர் பதிவு எதுவும் இல்லாமல், விவரம் தெரியாத ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். ‘இது என்ன?’ என்று கேட்டால் பரவாயில்லை, மொக்கை ஜோக், யாருக்கும் நஷ்டமில்லை. ‘ஏன் இப்படிப் போட்டிருக்காங்க?’ என்று கேட்டால் அந்தப் பதிவை வெளியிடக் கூடாது.

கலாய்க்கப்படுவது யார்?

இந்தச் சோதனையில் தேறினாலும் விழக்கூடிய இன்னொரு குழி உண்டு. 2023 ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்துக்கு ஸொமேட்டோ வெளியிட்ட வீடியோவில் எல்லாமே ஒரே இடத்தில்தான் இருந்தன. 2001இல் வந்த ‘லகான்’ படத்தில் ‘கச்ரா’ பாத்திரத்தில் நடித்த ஆதித்யா லக்கியாவையே அழைத்துவந்து, விளக்கு, மேசை, காகிதம் எனப் பல பொருள்களாக உட்காரவைத்திருந்தார்கள். இந்தியில் ‘கச்ரா’ என்றால் குப்பை. குப்பையை மறுசுழற்சி செய்தால் இத்தனை பொருள்கள் கிடைக்கும் என்பது செய்தி. பெயரை வைத்து ஒரு சிலேடை.

சிக்கல் அந்தப் பெயரில்தான். படத்தில் கச்ரா ஒரு தலித். அவரை அணியில் சேர்க்க ஊரே எதிர்க்கும், நாயகன் வாதாடிச் சேர்ப்பார். ஒரு மனிதருக்குக் குப்பை என்று பெயர் வைத்த சமூகத்தைப் படம் கேள்வி கேட்டது. விளம்பரமோ அந்த மனிதரை மறுபடியும் குப்பையாக, மற்றவர்கள் பயன்படுத்தும் பொருளாக ஆக்கியது. இயக்குநர் நீரஜ் கெய்வான் உள்பட பலர் கண்டித்தார்கள். சில நாள்களில் வீடியோ நீக்கப்பட்டது. தேசிய பட்டியல் சாதியினர் ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது.

மீம் டெம்ப்ளேட்டை எடுக்கும்போது படம் மட்டும் வருவதில்லை, அந்தக் காட்சியில் யார் அடிக்கிறார், யார் அடி வாங்குகிறார் என்பதும் சேர்ந்தே வருகிறது. நமக்கு நன்கு தெரிந்த ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழ காமெடியையே எடுத்துக்கொள்வோம். ரெண்டு பழத்துக்குக் காசு கொடுத்த கவுண்டமணி, ஒன்றை மட்டும் கொண்டுவந்து நிற்கும் செந்தில். ஓர் இனிப்புக் கடையின் பக்கத்தில் இதைப் போடலாமா?

கவுண்டமணி மேல் ‘கடை’, செந்தில் மேல் ‘வாடிக்கையாளர்’ என்று எழுதினால், வாங்க வருபவரை ஏமாற்றுக்காரர் என்று சொன்னதாகிவிடும். சரி, திருப்பிப் போடுவோம், செந்தில்தான் கடை. தன்னைத்தானே கலாய்ப்பது பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால், ஆன்லைன் ஆர்டரில் பாக்கெட் குறைகிறது என்று நிஜமாகவே புகார் வரும் கடையாக இருந்தால், கமென்ட் முழுக்க ‘என் ஆர்டர்லயும் ஒண்ணு வரல, இப்ப சிரிப்பா இருக்கா?’ என்றுதான் வரும். மூன்றாவதாக, கவுண்டமணி மேல் ‘ஃப்ரிட்ஜைத் திறந்த அக்கா’, செந்தில் மேல் ‘நைட் முழிச்சிருந்த தம்பி’ என்று எழுதிப் பாருங்கள். அதே படம்தான். அடி வாங்குவது இப்போது எந்த வாடிக்கையாளரும் இல்லை. பார்ப்பவர் தன் தம்பியை டேக் செய்துவிட்டுப் போவார்.

இரண்டாவது வகையைச் சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2018 பிப்ரவரியில் பிரிட்டனில் கே.எஃப்.சி. டெலிவரி நிறுவனத்தை மாற்ற, சிக்கன் வந்து சேராமல் நூற்றுக்கணக்கான கிளைகள் மூடப்பட்டன. காலியான பக்கெட்டின் மேல் தங்கள் பெயரின் எழுத்துகளையே எஃப்.சி.கே. என்று மாற்றிப்போட்டு, ஆங்கிலக் கெட்ட வார்த்தை ஒன்றை நினைவூட்டும் விதமாக, நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார்கள். கீழே நேரடியான மன்னிப்பும், சமாளித்த ஊழியர்களுக்கு நன்றியும் இருந்தன. சிரிப்பு முழுக்கத் தங்கள் மேலேயே விழுந்தது. தவிர, நடந்த தவறு கடை மூடியது மட்டும்தான். அதே சிக்கன் யாருக்காவது வயிற்றைக் கெடுத்திருந்தால் இந்த ஜோக் எடுபட்டிருக்காது.

சொதப்பிய பிறகு

தவறிவிட்டது என்று எப்படித் தெரியும்? லைக்கை விடக் கமென்ட்டும், மேற்கோள் காட்டிப் பகிர்வதும் வேகமாக ஏறினால் முதல் எச்சரிக்கை. வழக்கமாக உங்கள் பக்கத்துக்கு வராதவர்கள் கூட்டமாக வந்து, சொல்லிவைத்த மாதிரி ஒரே குறையைச் சொன்னால், பதிவு உங்கள் வாடிக்கையாளர் வட்டத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

பர்கர் கிங் இந்தக் கட்டத்தில் இன்னொரு தவறு செய்தது. பதிவை நீக்கச் சொல்லி கே.எஃப்.சி.யின் கேமிங் கணக்கே கிண்டல் செய்தபோது, ‘பெண்களின் குறைவான பிரதிநிதித்துவத்தைக் கவனப்படுத்தும் பதிவை ஏன் நீக்க வேண்டும்?’ என்று திருப்பிக் கேட்டது. விளக்கம் சரியாகவே இருந்தாலும், புண்பட்டவரிடம் ‘உனக்குத்தான் புரியல’ என்று சொன்னதாகவே அது கேட்டது. பிறகுதான் முதல் பதிவைத் தவறாக எழுதிவிட்டோம் என மன்னிப்பு கேட்டு, அதன் கீழ் வசைகள் குவிகின்றன என்று சொல்லி நீக்கியது.

அந்த மன்னிப்பில் ‘நாங்கள் தவறு செய்தோம்’ என்று இருந்தது. ஸொமேட்டோவின் அறிக்கை, நகைச்சுவையாக விழிப்புணர்வு ஏற்படுத்துவதே நோக்கம், அறியாமல் சிலரது உணர்வைப் புண்படுத்தியிருக்கலாம் என்ற தொனியில் இருந்தது. ஒன்றில் தவறு எழுதியவருடையது, மற்றதில் பிரச்சினை பார்த்தவரின் உணர்வில் இருக்கிறது. கமென்ட் பகுதியில் இருப்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சட்டெனப் பிடித்துவிடுகிறார்கள்.