'துரோகி'ன்னு சொன்னா ஒரு காலத்துல நிலம் போயிடும்

போன செமஸ்டர்ல ஒரு வெள்ளிக்கிழமை எங்க கிளாஸ் மொத்தமும் மாஸ் பங்க். ஒருத்தன் மட்டும் ரெக்கார்டுல கையெழுத்து வாங்கணும்னு லேபுக்குப் போயிட்டான். அன்னைக்கு சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்ல அவனுக்குக் கிடைச்ச பட்டம் 'துரோகி'. அவன் சிரிக்கிற ஸ்மைலி ஒண்ணு போட்டான். பத்து நிமிஷத்துல எல்லாரும் ஒண்ணா டீக்கடையில நின்னோம். அதே குரூப்ல அடுத்த வாரம் வேற ஒருத்தன் கோபத்துல இன்னொருத்தனோட அம்மாவை இழுத்து, 'தே'ல ஆரம்பிக்கிற அந்த வார்த்தையைச் சொன்னான். அதுக்கப்புறம் அந்த ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் பேசிக்கிறதில்லை.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இது நேர்த் தலைகீழா இருந்திருக்கும். 'துரோகி'ன்னு சொன்னா குடும்பமே நடுங்கியிருக்கும். அந்த இன்னொரு வார்த்தை, மக்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர். இதை நான் எங்கிருந்து பிடிச்சேன்னு சொல்றேன். ஸ்கூல்ல தமிழ் எனக்கு வெறும் செகண்ட் லாங்குவேஜ்தான். கல்வெட்டுப் புத்தகம் ஒரு பக்கம் படிக்க எனக்கு அரை மணி நேரம் ஆகும். அதனால மெதுவா படிச்சதை மெதுவாவே சொல்றேன்.

முதல்ல துரோகி. பொன்னியின் செல்வன் படம் பார்த்திருப்பீங்க. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்னு தெரிய இருக்கிற முக்கியமான ஆதாரம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துல உடையார்குடி அனந்தீசுவரர் கோயில்ல இருக்கிற ஒரு கல்வெட்டு. ராஜராஜ சோழனோட இரண்டாம் ஆட்சியாண்டு. அதாவது கொலை நடந்து சுமார் 15 வருஷம் கழிச்சு. அதுல ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன்னு பெயர்கள் வருது. அவங்களைச் சொல்லும்போது 'துரோகிகள்' என்ற சொல்லும் வருது.

நாம அந்த இடத்தைப் படிக்கும்போது ராஜாவோட கோபம்னு நினைச்சுக்குவோம். நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அந்தக் கல்வெட்டு யாரையும் திட்டறதுக்காக வெட்டினது இல்லை. அது ஒரு நிலப் பத்திரம். துரோகிகளோட சொத்து பறிமுதல் ஆகுது, அந்த நிலம் கைமாறுது, அதை வச்சு கோயில்ல ஒரு தர்மம் ஏற்படுது. அதைப் பதிவு பண்ணத்தான் கல்லுல வெட்டினாங்க. இப்போ ரிஜிஸ்டர் ஆபீஸ் பத்திரத்துல 'மேற்படி நபர்'னு வருமே, அந்த இடத்துல உட்கார்ந்திருக்கு 'துரோகி'.

அதோட கூர்மை எங்க இருக்குன்னா, அடுத்து வர்ற உறவுப் பட்டியல்ல. தம்பிமார், பிள்ளைகள், அவங்க மனைவிமார், அம்மா, அப்பாவோட கூடப்பிறந்தவங்க, அம்மாவோட கூடப்பிறந்த மாமன்மார், பொண்ணு கொடுத்த மாமனார், அக்கா தங்கச்சியைக் கட்டினவங்க, மகளைக் கட்டினவங்கன்னு போயிட்டே இருக்கு. இதுல எத்தனை பேர் அந்தக் கொலையை நேர்ல பார்த்திருப்பாங்க? ஒருத்தனுக்கு அந்தப் பெயர் விழுந்தா, அவன் கல்யாணத்துக்கு வந்துட்டுப் போன சம்பந்தி வீடு வரைக்கும் நிலம் போகும். பின்னாடி வந்த கல்வெட்டுகள்ல 'சிவத்துரோகி', 'கிராமத்துரோகி'ன்னும் வருது. கோயில் நகையில கை வச்சவன், ஊருக்குக் கேடு செஞ்சவன். அங்கயும் அந்தச் சொல்லுக்குப் பின்னாடியே சொத்தை எடுக்கிற வேலை வந்துடுது.

ஆக அது அன்னைக்கு ஒரு தீர்ப்பு. சொல்றவனுக்குப் பின்னால ஒரு சபையும், ஒரு அரசனோட ஓலையும் நின்னது. எங்க குரூப்ல சொன்னவனுக்குப் பின்னால டேட்டா பேக் மட்டும்தான் இருந்தது. அதனாலதான் ஸ்மைலி வந்தது. (அரசியல் மேடையில மட்டும் 'துரோகி'க்கு இன்னும் கொஞ்சம் சூடு இருக்கு. அங்க கட்சியை விட்டு நீக்கிற அதிகாரம் பின்னால இருக்கே.)

இப்போ அந்த இன்னொரு வார்த்தை. அதோட பழைய உருவம் 'தேவரடியார்'. தேவரோட அடியார். 'அடியார்'ங்கிற பாதி இன்னைக்கும் கௌரவமாத்தான் இருக்கு. அறுபத்து மூன்று நாயன்மாரும் அடியார்தான். அப்போ அசிங்கம் எழுத்துல இல்லைன்னு முதல்லயே தெரியுது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்க. ராஜராஜன் பல ஊர்க் கோயில்கள்ல இருந்து 400 பெண்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினான். கல்வெட்டு அவங்களைத் தளிச்சேரிப் பெண்டுகள்னு சொல்லுது. ஒவ்வொருத்தரோட பெயர், எந்த ஊர்க் கோயில்ல இருந்து வந்தாங்க, எந்தத் தெருவுல எந்தப் பக்கம் எத்தனாவது வீடு, எல்லாம் கல்லுல இருக்கு. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது வருஷத்துக்கு 100 கலம் நெல். ஹாஸ்டல் அலாட்மென்ட் லிஸ்ட் மாதிரியே இருக்கும். அதே சோழர் காலத்துல, வேற பல ஊர்ல, தேவரடியார்னு தன்னைச் சொல்லிக்கிட்டே கோயிலுக்கு விளக்கும் பொன்னும் நிலமும் கொடுத்த பெண்கள் இருக்காங்க. லெஸ்லி ஆர் இந்தக் கோயில் பெண்களைப் பத்தியே ஒரு புத்தகம் எழுதியிருக்காங்க. அவங்க கவனிச்சதும் இதைத்தான்: இந்தப் பெண்கள் கல்வெட்டுல அதிகமா வர்றது கொடை கொடுத்தவங்களா.

பழைய எழுத்துல ஒரு சொல் திட்டா இல்லையான்னு சந்தேகம் வந்தா, நான் இப்போ பண்றது இதுதான். யார் யாரை அப்படிக் கூப்பிடறாங்கன்னு பார்ப்பேன். காசு கொடுத்து கல்லுல தன் பெயரை வெட்டிக்கிறவங்க தன்னைத் தானே திட்டிக்க மாட்டாங்க. அப்புறம் அந்தச் சொல்லுக்குப் பக்கத்துல எதாவது வருதான்னு பார்ப்பேன்: பங்கா, தண்டமா, பறிமுதலா, விற்பனையா?

அந்தக் கடைசி வார்த்தையைச் சும்மா போடல. எல்லாத் தேவரடியாரும் விளக்கு கொடுத்த அளவுக்கு வசதியா இருந்தாங்கன்னு நினைச்சுடாதீங்க. பஞ்சத்துல தன்னையும் பிள்ளைகளையும் கோயிலுக்கு விற்றவங்களும் கல்வெட்டுல இருக்காங்க. உடம்புல சூலக்குறி போடறதும் இருந்தது. ஒரே பெயருக்குள்ள மேலயும் கீழயும் ஆள் இருந்தாங்க. 'அந்தக் காலத்துல ரொம்ப மரியாதை மக்கா'ன்னு ஒரே வரியில முடிக்கிறவங்க இதைத் தாண்டிப் போயிடறாங்க.

சரி, எப்போ கெட்டுச்சு? நம்ம பக்கத்துலயே பார்க்கலாம். சுசீந்திரம் கோயில்ல தேவதாசிகள் இருந்தாங்க. கே.கே. பிள்ளை 1953-ல அந்தக் கோயிலைப் பத்தி எழுதின பெரிய புத்தகத்துல அவங்களைப் பத்தி விவரமா வருது. கோயில் நிலமும் படியும் அரசாங்கத்தோட கைக்குப் போகப் போக, அந்தப் பெண்களுக்குப் பின்னால நின்ன ஆதரவு கரைஞ்சது. இன்னொரு பக்கம் பிரிட்டிஷ் இந்தியாவில கோர்ட்டும் பத்திரிகையும் அவங்களை விபசாரிங்கிற ஒரே கட்டத்துக்குள்ள போட்டாங்க. சிறுமியைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டினதை, மைனர் பெண்ணை விபசாரத்துக்குக் கொடுத்த குற்றமா இந்திய தண்டனைச் சட்டத்துல வழக்குப் போட்டாங்க. திருவிதாங்கூர்ல 1930-ல பொட்டுக் கட்டற வழக்கம் நிறுத்தப்பட்டது. சென்னை மாகாணத்துல முத்துலட்சுமி ரெட்டி 1920-களோட கடைசியில தொடங்கின போராட்டம் 1947-ல சட்டமா முடிஞ்சது. அது முடிய வேண்டிய வழக்கம்தான், எட்டு வயசுப் பிள்ளையைக் கேக்காம நேர்ந்துவிடறதுக்கு நான் வக்காலத்து வாங்கல.

ஆனா கவனிங்க. நிலம் போச்சு, பங்கு போச்சு, தெருவுல வீடு போச்சு, கடைசியா வழக்கமும் போச்சு. பெயர் மட்டும் ஊர்வாயில மிச்சம் நின்னது. பெயருக்குள்ள இருந்த மத்த எல்லாத்தையும் உருவிட்டு, கல்யாணம் ஆகாம குழந்தை பெத்தவள்ங்கிற ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டோம். அதனாலதான் அது அம்மாவைக் குறிவைக்குது. அவங்க வீட்டுல உரிமை அம்மா வழியில வந்தது. அப்பா பெயர் கேட்கிற ஊருக்கு அதுதான் பெரிய குத்தம்.

இதுக்கு நடுவுல நம்ம மாவட்டத்துச் சமாசாரம் ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லலேன்னா எனக்குத் தூக்கம் வராது. முஞ்சிறை பக்கத்துல பார்த்திவபுரம். அங்க ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ல ஒரு பெருமாள் கோயிலும், 95 மாணவர்கள் தங்கிப் படிக்க ஒரு சாலையும் அமைச்சான். 'சாலை'ன்னா அன்னைக்கு ரோடு இல்லை, கல்விச்சாலை. செப்பேடு இருக்கு. திருவனந்தபுரம் ஹஜூர் ஆபீஸ்ல கிடைச்சதால ஹஜூர் ஆபீஸ் செப்பேடுன்னு பெயர். அதுல அச்சு அசலா ஹாஸ்டல் ரூல்ஸ். ஒருத்தரை ஒருத்தர் தகாத வார்த்தை சொன்னா தண்டம், சபைக்கு ஆயுதத்தோட வரக்கூடாது, தங்குற இடத்துல வெள்ளாட்டி வச்சுக்கக்கூடாது.

'வெள்ளாட்டி' படிச்சதும் உங்களுக்கு எதாவது உறுத்துச்சா? ஒண்ணும் இருந்திருக்காது. அடிமை வேலைக்காரிப் பெண். இன்னைக்கு அதைச் சொல்லி ஒருத்தரையும் காயப்படுத்த முடியாது. கேட்கிறவங்களுக்குப் புரியாது.

அந்தச் சாலை மாணவர்களைச் செப்பேடு 'சட்டர்'னு சொல்லுது. மரியாதையான பெயர். கிளாஸ் லீடரைப் பழைய பள்ளிக்கூடத்துல 'சட்டாம்பிள்ளை'ன்னாங்க. மலையாளத்துல 'சட்டம்பி'யும் கிளாஸ் லீடர்தான். சட்டம்பி சுவாமிக்கு அந்தப் பெயர் வந்தது பள்ளிக்கூடத்துல அவர் லீடரா இருந்ததாலன்னு சொல்வாங்க. இன்னைக்கு மலையாளத்துல சட்டம்பின்னா ரவுடி. மார்த்தாண்டம் பக்கத்துப் பயல்கள் நம்ம காலேஜ்லயே ஒருத்தனை அப்படிக் கூப்பிடறது கேட்டிருப்பீங்க. நம்ம பத்திரிகைத் தமிழ்ல 'சட்டாம்பிள்ளைத்தனம்'னா அடுத்த நாட்டு விஷயத்துல மூக்கை நுழைக்கிறது. இலங்கைத் தமிழ்ல மட்டும் 'சட்டம்பியார்'னா வாத்தியார். ஒரே குடும்பத்துச் சொற்கள் மாதிரித்தான் இருக்கு, மூணு ஊர்ல மூணு மானம். பிரம்பு யார் கையில இருந்தது, அடி வாங்கினவன் பின்னாடி எப்படிக் கதை சொன்னான்ங்கிறதுதான் வித்தியாசம்னு எனக்குத் தோணுது.

'எல்லாத் திட்டும் காலத்துல மழுங்கிடும், லேசா எடுத்துக்கோ'ன்னு யாராவது இதை வச்சு சொன்னா, ஒத்துக்காதீங்க. 'புலையன்' புறநானூற்றுல துடி அடிக்கிறவரைக் கூப்பிடற இடத்துலயே வருது. ரெண்டாயிரம் வருஷம் ஆகப்போகுது. அது மழுங்கல. ஏன்னா அதுக்குப் பின்னால நிக்கிற ஏற்பாடு இன்னும் கலையல. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தறதுக்கு 1989-ல தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது, அந்தச் சட்டத்துல இன்னும் வழக்கு வந்துக்கிட்டே இருக்கு.

பார்த்திவபுரம் செப்பேட்டுல எனக்கு ஒரே ஒரு குறை. தகாத வார்த்தைக்குத் தண்டம்னு சொன்னவங்க, எது தகாத வார்த்தைன்னு ஒரு லிஸ்ட் போடல. அந்த 95 பேருக்கும் சொல்லாமலே தெரிஞ்சிருக்கு. நம்ம ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டுலயும் 'அன்பார்லிமென்டரி வார்த்தைகளுக்கு அபராதம்'னு ஒட்டியிருக்காங்க. அதுலயும் லிஸ்ட் இல்லை.