படிவத்தில் பெயர் இருந்தால் பணம் சொந்தமாகிவிடுமா?

தமிழ்நாட்டில் தகப்பனார் காலமாகிறார். காரியங்கள் முடிந்ததும் ஸ்காபரோவில் இருக்கும் மகளுக்கு அண்ணனிடமிருந்து தொலைபேசி வருகிறது. "அப்பா வங்கியில் போட்ட முப்பது லட்சத்துக்கும் நாமினி நான்தான். வங்கியே எனக்குக் கொடுத்துவிட்டது. இனிப் பேச என்ன இருக்கிறது?" மகளும் அதை நம்பிப் பேசாமல் இருந்துவிடுகிறார். சில வேளை பேசியும் விடுகிறார். அதோடு உறவு அறுகிறது. எம்மிடையே இப்படிப்பட்ட கதைகள் அபூர்வமல்ல. ஆனால் அண்ணன் சொன்னதில் முதற்பாதிதான் உண்மை. வங்கி அவருக்குக் கொடுத்தது சரி. அதனால் பணம் அவருடையது ஆகிவிட்டது என்பது பிழை.

இந்தக் கேள்விக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பர் 14 அன்று மீண்டும் ஒரு முறை பதில் சொன்னது. வழக்கு, 'காலநிர்ணய்' நாட்காட்டியைத் தொடங்கிய ஜெயந்த் சல்கோன்கரின் சொத்துப் பற்றியது. அவர் 2011 இல் உயில் எழுதி, 2013 இல் காலமானார். உயிலில் குறித்த சொத்துகளுக்கு அப்பால், பல கோடி ரூபாய் நிரந்தர வைப்பிலும் பரஸ்பர நிதிகளிலும் இருந்தது. அவற்றின் படிவங்களில் குடும்பத்தினர் சிலரின் பெயர் நாமினியாக இருந்தது. சொத்து முழுவதையும் நீதிமன்றப் பொறுப்பில் வைத்துப் பிரிக்க வேண்டும் என்று குடும்பத்தில் ஒருவர் 2014 இல் மும்பாய் உயர் நீதிமன்றம் சென்றார். நாமினிகளோ, எங்கள் பெயர் இருப்பது எங்களுக்கே சொந்தம் என்றார்கள்.

அவர்களின் வாதம் வெறுங்கையோடு வந்ததல்ல. கம்பனிச் சட்டத்தின் நியமனப் பிரிவு, பங்குகள் நாமினியிடம் 'சேரும்' என்கிறது. உயிலில் வேறு விதமாக எழுதியிருந்தாலும் அப்படித்தான் என்கிறது. இந்தச் சொற்களை வைத்து, 2010 இல் அதே உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் நாமினியே உரிமையாளர் என்று தீர்ப்பளித்திருந்தார். உச்ச நீதிமன்றம் அந்த வாசிப்பை ஏற்கவில்லை. ஒருவருடைய சொத்து அவருக்குப் பின் யாருக்குப் போகும் என்பதை உயிலும் வாரிசுரிமைச் சட்டமும்தான் தீர்மானிக்கும். கம்பனிச் சட்டம் மூன்றாவதாக ஒரு வழியைத் திறக்கவில்லை. அந்தப் பிரிவின் நோக்கம், கம்பனி யாரிடம் கையளிப்பது என்று தடுமாறாமல் தன் பொறுப்பை முடித்துக்கொள்வது மட்டுமே. வங்கி வைப்புகளுக்கும் இதே நிலைதான் என்று 2010 இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது.

இதைத் தொடக்கத்தில் சொன்ன குடும்பத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். தகப்பனார் இந்து, பணம் அவரே சம்பாதித்தது, உயில் இல்லை. மனைவி, இரண்டு மகன்மார், ஒரு மகள் இருக்கிறார்கள். அவருடைய தாயாரும் உயிரோடு இருக்கிறார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி இந்த ஐந்து பேருக்கும் சம பங்கு. முப்பது லட்சத்தில் ஆளுக்கு ஆறு லட்சம். பெரும்பாலோர் மறந்துவிடுவது அந்த வயோதிபத் தாயாரின் பங்கைத்தான். நாமினியான அண்ணனுக்குச் சொந்தம் ஆறு லட்சம். மீதி இருபத்து நான்கு லட்சத்தை மற்ற நால்வருக்காக அவர் கையில் வைத்திருக்கிறார், அவ்வளவே. அவர் கொடுக்க மறுத்தால் வங்கியைக் குறைசொல்ல முடியாது. அது தன் கடமையை முடித்துவிட்டது. வழக்கு அண்ணன் மீதுதான் போகும். கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் பங்குக் கணக்கு வேறு. ஆனால் நாமினி உரிமையாளர் அல்ல என்பது அவர்களுக்கும் பொருந்தும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இப்படியான நேரத்தில் ஊரிலிருந்து மகளுக்கு ஒரு கடிதம் வரும்: "கையொப்பம் வைத்து அனுப்பு, வங்கி கேட்கிறது." அதில் எழுதியிருப்பது வங்கி அண்ணனிடம் பணம் கொடுப்பதில் ஆட்சேபம் இல்லை என்பது மட்டுமா, அல்லது என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்பதா? முதலாவது பணத்தை விடுவிக்க உதவுவது. இரண்டாவது உரிமையையே கைவிடுவது. இரண்டும் ஒரே தாளில் கலந்து வருவதுண்டு. வாசித்து விளங்கிய பிறகே கையெழுத்து வைக்க வேண்டும்.

விதிவிலக்காகச் சொல்லக்கூடியது ஆயுள் காப்புறுதி. 2015 திருத்தத்தின்படி பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் பயன் அவர்களுக்கே என்று சட்டம் சொல்கிறது. இந்தத் திருத்தம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் உயர் நீதிமன்றங்கள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. 2025 நவம்பர் முதல் இந்திய வங்கி வைப்புக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். ஆளுக்கு எத்தனை வீதம் என்றும் எழுதலாம். அந்த வீதம் வங்கி யாரிடம் எவ்வளவு கொடுக்கும் என்பதற்கானது. அதை வாரிசுப் பங்கு என்று எண்ணிவிடக் கூடாது.

ஸ்காபரோவில் வாழும் எமக்கு இது ஏன் குழப்பமாக இருக்கிறது? ஒன்ராறியோவில் ஏறக்குறைய அதே மாதிரிப் படிவத்துக்கு வேறு பொருள். இங்கே ஆயுள் காப்புறுதியிலோ ஆர்.ஆர்.எஸ்.பி, டி.எஃப்.எஸ்.ஏ கணக்கிலோ ஒருவரைப் பயனாளியாக எழுதினால், பொதுவாகப் பணம் இறந்தவரின் சொத்துக் கணக்கில் சேராமல் நேரே அவருக்கே போகிறது. இந்தப் பழக்கத்தில் ஊர்ப் படிவத்தையும் அப்படியே வாசித்துவிடுகிறோம்.

ஆனால் இங்கேயும் படிவத்தில் பெயர் இருந்தாலே போதும் என்றில்லை. வயதான அம்மா, வங்கி வேலைகளைப் பார்க்க வசதியாக, ஒரு மகனைத் தன் கணக்கில் கூட்டாகச் சேர்ப்பார். எம்மிடையே இது சாதாரணம். கனடிய உச்ச நீதிமன்றம் 2007 இல் பெக்கோர் வழக்கில் சொன்னது இதுதான்: பெற்றோர் தம் பணத்தை வளர்ந்த பிள்ளையின் பெயரோடு கூட்டாக்கினால், பிள்ளை அதைப் பெற்றோருக்காகவே வைத்திருக்கிறது என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். பரிசாகத்தான் தந்தார் என்பதைப் பிள்ளையே நிரூபிக்க வேண்டும். அந்த வழக்கில் மகள் அதை நிரூபித்து வென்றார். தகப்பனின் எண்ணத்தைக் காட்டும் சான்றுகள் அவருக்கு இருந்தன. எமது வீடுகளில் அப்படியான சான்று எத்தனை பேரிடம் இருக்கும்?

ஆகவே பெற்றோர் செய்ய வேண்டியது இரண்டு. இந்தியாவில் உள்ள கணக்குகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, யாருக்கு எவ்வளவு என்று உயில் எழுதுவது. இங்கே கூட்டுக் கணக்குத் திறக்கும்போது, இது உதவிக்கா அல்லது அன்பளிப்பா என்று அதே நாளில் எழுதிக் கையொப்பமிட்டு வைப்பது. நாமினியாகப் பணம் பெற்ற பிள்ளை, அதைத் தன் சம்பளக் கணக்கில் கலக்காமல் தனியே வைத்து, மருத்துவமனைக் கடன், ஈமச்செலவு என்று கழித்ததற்கெல்லாம் ரசீது வைத்திருக்க வேண்டும். நிலத்துக்கும் வீட்டுக்கும் பொதுவாக இந்த வழி இல்லை; அவை உயிலோ வாரிசுரிமையோ சொல்லும் வழியில்தான் போகும். இலங்கைச் சொத்துக்கு, குறிப்பாகத் தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணக் காணிகளுக்கு, வேறு சட்டங்கள் உண்டு. மேலே சொன்னவற்றை அங்கே அப்படியே பொருத்தக் கூடாது.

அந்த அண்ணன் கெட்டவராக இருக்க வேண்டும் என்றில்லை. தகப்பன் தன்னைத்தான் நம்பினார் என்று அவர் உண்மையாகவே நினைத்திருக்கலாம். தகப்பன் நம்பியதும் உண்மைதான்: எல்லோருடைய பங்கையும் அவரவரிடம் சேர்ப்பான் என்று.