சி.ஆரில் ஒரு வார்த்தை

நான் பேங்க் மேனேஜராக இருந்தபோது, ஓர் இளம் ஆபீசர் வாடிக்கையாளரின் ஸ்டாப் பேமெண்ட் கடிதத்தை லெட்ஜரில் குறிக்காமல் டிராயரில் வைத்துவிட்டார். அன்று மதியமே அந்தச் செக் பாஸாகி, பேங்குக்கு 18,000 ரூபாய் நஷ்டம்.

வருட முடிவில் அவருடைய சி.ஆரில் "கவனமில்லாதவர்" என்று எழுதச் சொன்னார் மேலதிகாரி. நான் மறுத்தேன். அதற்காகத் தவறை மறைக்கவும் இல்லை. கடிதத்தைக் குறிக்காததையும், நஷ்டத்தையும், இப்போது கடிதம் வந்ததுமே நேரம் போட்டு லெட்ஜரில் ஏற்றுகிறார் என்பதையும் எழுதினேன். மூன்று வருடமாக டேலி ஆகாத சேவிங்ஸ் லெட்ஜர்களை அதே வருடம் அவர் டேலி செய்ததைத் தனியாக எழுதினேன்.

ப்ரமோஷன் போர்டுக்கு ஆளைத் தெரியாது, காகிதம்தான் தெரியும். ஒரு மதியத்தை வைத்து வருடம் முழுவதற்கும் முத்திரை குத்துகிற அதிகாரிதான் என் கணக்கில் கவனமில்லாதவர்.