பாதி மாறிய எண்



ஆலங்குளத்தில் காய்கறி கமிஷன் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி, ஆவணி பிறந்த கையோடு நம் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் நாள் வழிக் கணக்கு நோட்டு ஒன்று, போன் பில் ஒன்று, ஒரு பழைய சிம், ஒரு புது சிம். “நம்பரைப் போர்ட் பண்ணினேன், பாதிதான் போயிருக்கு. மீதிப் பாதி பழைய கம்பெனிக்காரங்கிட்டேயே கெடக்கு” என்றார். எனக்குப் புரியவில்லை. எண் என்ன சோளத்தட்டையா, பாதி ஒடிந்து மீதி நிற்க?

உட்கார வைத்துக் கேட்டபோதுதான் அவர் சொன்னது அச்சு அசலான உண்மை என்று தெரிந்தது.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி `PORT` என்று தட்டி, ஓர் இடம் விட்டுத் தன் எண்ணையும் சேர்த்து 1900-க்கு அனுப்பியிருக்கிறார். எட்டு எழுத்துக் குறியீடு வந்தது. அது நான்கு நாள்தான் செல்லும் என்பதால், 5-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, தவணை தீர்வதற்குள் ஓடிப்போய்ப் புதுக் கம்பெனியின் கடையில் ஆதாரும் கைரேகையும் கொடுத்தார். ஒரே மாநில வட்டத்துக்குள் மாறுகிற தனிநபர் எண்ணை மூன்று வேலை நாளில் மாற்றிவிட வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 டிசம்பர் 16 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி. அப்படியே 8-ஆம் தேதி வெள்ளி இரவு பழைய சிம்மில் சிக்னல் போனது. சனிக்கிழமை விடியும் முன்பே புது சிம் உயிர் பெற்றது. அவர் வீட்டுக்கும் மகனுக்கும் பேசிப் பார்த்தார். நன்றாகக் கேட்டது. அதோடு மறந்துவிட்டார்.

பத்து நாள் கழித்து, புனலூர் வியாபாரியின் லாரி ஆலங்குளம் வரை வராமல் பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலேயே வெண்டைக்காயும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகத் திரும்பியதாக யாரோ சொல்லி இவருக்குத் தெரிய வந்தது. ஓணத்துக்கு முந்தைய வாரங்கள். கேரளத்துக்குக் காய் போகிற காலம் அதுதான். அடித்துப் பிடித்து அந்த வியாபாரியைக் கூப்பிட்டால் அவர் முறுக்கிக்கொண்டு பேசுகிறார். எத்தனை தடவை அழைத்தாலும் அணைத்து வைத்திருப்பதாகவே சொல்கிறது, வியாபாரம் வேண்டாமென்றால் நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்று.

அந்த வியாபாரி வைத்திருந்தது பழைய கம்பெனி சிம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் எண்ணைப் பார்த்தாலே எந்தக் கம்பெனி என்று தெரிந்த காலம் 2011 ஜனவரி 20-ஆம் தேதி எண் மாற்ற வசதி நாடு முழுக்க வந்ததோடு முடிந்தது. இப்போது ஓர் எண் எந்தக் கம்பெனியில் குடியிருக்கிறது என்பதை ஒரு பொதுப் பதிவேடு வைத்திருக்கிறது. எண் மாறும் இரவில் மூன்று காரியம் நடக்க வேண்டும். பழைய கம்பெனி தன் கணினியில் இருந்து அந்தச் சந்தாவை அகற்ற வேண்டும். புதுக் கம்பெனி தன்னிடம் அதை இயக்க வேண்டும். பிறகு ‘இந்த எண் இனி இந்த வீட்டில்’ என்ற தகவல் எல்லாக் கம்பெனிகளுக்கும் போய், அவரவர் பதிவேட்டில் ஏற வேண்டும். அண்ணாச்சி விஷயத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் நடந்துவிட்டன. பழைய கம்பெனி சிம்மின் சிக்னலை மட்டும் நிறுத்திவிட்டு, தன் ஏட்டில் பெயரை அழிக்காமல் விட்டிருக்கிறது. அதனால் மற்ற கம்பெனி போன்களில் இருந்து அழைத்தால் நேரே புது வீட்டுக்குப் போகிறது. பழைய கம்பெனி போனில் இருந்து அழைத்தால் அது முதலில் தன் ஏட்டைப் புரட்டுகிறது. ‘ஆள் நம்மிடம்தான் இருக்கிறார், போனைத்தான் அணைத்து வைத்திருக்கிறார்’ என்று பதில் சொல்லிவிடுகிறது.

நாங்கள் ஊகத்தில் நிற்கவில்லை. அலுவலகத்தில் மூன்று கம்பெனி சிம்மும் உண்டு. மூன்றில் இருந்தும் இரண்டிரண்டு தடவை அழைத்து, மணியும் பதிலும் ஒரு தாளில் குறித்தோம். பழைய கம்பெனி போன் மட்டும் இரண்டு தடவையும் ‘அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ என்றது. மற்ற நான்கும் அண்ணாச்சியின் மடியில் மணியடித்தன. அப்புறம் அவர் பையில் இருந்த பில்லைப் பார்த்தேன். எண் போனது ஆகஸ்ட் 8. பழைய கம்பெனியோ அதற்குப் பின்னால் உள்ள நாட்களுக்கும் சேர்த்து முழு மாத வாடகை 412 ரூபாய் போட்டிருந்தது. ஏட்டில் பெயர் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அண்ணாச்சி அந்தப் பில்லைக் கிழிக்கப் போனாராம். நல்லவேளை, மகன் தடுத்துவிட்டான்.

கம்பெனிகள் அவரை அலைக்கழித்ததும் இந்தக் காரணத்தால்தான். புதுக் கம்பெனி, ‘எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு’ என்றது. அதுவும் பொய்யில்லை. பழைய கம்பெனியின் உதவி எண்ணோ, ‘நீங்க இப்ப எங்க வாடிக்கையாளரே இல்லை, புகார் எடுக்க முடியாது’ என்றது. பில் அனுப்ப மட்டும் வாடிக்கையாளர்!

2018 பிப்ரவரி நினைவுக்கு வருகிறது. ஏர்செல் சேவை தமிழ்நாட்டில் படுத்தபோது, நம் பக்கத்திலும் ஆட்கள் எண்ணை மாற்றிக்கொள்ள அலைந்தார்கள். அன்றைய சிக்கல் வேறு. மாறுவதற்கான குறியீடு கேட்டு அனுப்பும் செய்தியே அந்த நெட்வொர்க் வழியாகத்தான் போக வேண்டும். நெட்வொர்க்கே இல்லாதவன் எங்கே அனுப்புவான்? அந்தக் கம்பெனி திவால் மனு போட்டதும் அந்த மாதக் கடைசியில்தான். அன்று வாசலிலேயே பூட்டு. அண்ணாச்சிக்கு வாசல் திறந்துதான் இருந்தது, உள்ளே போனபின் பின்கதவில் சிக்கிக்கொண்டார். எந்தக் கட்டத்தில் சிக்கியது என்று சொல்லத் தெரியாவிட்டால், ‘போர்ட் ஆகலை சார்’ என்ற புகாருக்கு இரண்டு நாள் பொறுங்கள் என்ற பதில்தான் வரும்.

எனவே கடிதத்தை நாங்களே உட்கார்ந்து எழுதினோம். முதலில் புதுக் கம்பெனியில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்கச் சொன்னேன். இப்போது அவர் சட்டப்படி அவர்களுடைய வாடிக்கையாளர். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே எழுதலாமே என்று அண்ணாச்சி கேட்டார். டிராய் விதி போடும் இடம். தனி ஆள் புகாரைத் தானே விசாரித்துத் தீர்ப்பதில்லை. பழைய கம்பெனிக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு போன கடிதம் இது:

“ஐயா, மேற்கண்ட என் எண் 8.8 அன்று இரவு தங்களிடமிருந்து மாற்றப்பட்டது. மற்ற நிறுவன எண்களிலிருந்து வரும் அழைப்புகள் எனக்குக் கிடைக்கின்றன. தங்கள் நிறுவன எண்களிலிருந்து வருபவை மட்டும் கிடைப்பதில்லை. சோதனை அழைப்புகளின் விவரம் இணைப்பு 1. மாற்றத்துக்குப் பிந்தைய நாட்களுக்கும் தாங்கள் அனுப்பிய பில் இணைப்பு 2. என் சந்தா தங்கள் பதிவில் இன்னும் நீக்கப்படவில்லை என்பதை இவை காட்டுகின்றன. இக்கடிதம் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் அதை நீக்கி, நீக்கிய தேதியையும் நேரத்தையும் எழுத்தில் தெரிவிக்கவும். 8.8-க்குப் பிந்தைய வாடகையை ரத்து செய்யவும். சேவை இழப்பால் ஏற்பட்ட நட்டம் இணைப்பு 3-இல் கணக்கிடப்பட்டுள்ளது. அதை 15 நாட்களுக்குள் வழங்கக் கோருகிறேன். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.”

இணைப்பு 3-க்குத்தான் எங்களுக்குள் வாக்குவாதம். அண்ணாச்சி ஐந்து லட்சம் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். “அவன் என் பேரைக் கெடுத்துட்டான் சார், பேருக்கு வெலை வைக்க முடியுமா?” முடியாது, அதனால்தான் அதை அடித்தேன். மஞ்சள் பையில் இருந்த நோட்டை எடுத்துப் புரட்டினோம். போன வருஷம் ஓணத்துக்கு முந்தைய அதே வாரங்களில் புனலூர்க்காரர் ஆறு லோடு எடுத்திருக்கிறார், மொத்தம் 2,38,000 ரூபாய்க்கு. பத்து சதவீதக் கமிஷன் 23,800. இந்த வருஷம் ஒரே லோடு, 41,000 ரூபாய், கமிஷன் 4,100. வித்தியாசம் 19,700. அதோடு அவசரத்துக்கு எடுத்த இன்னொரு சிம்முக்கு 299. பேருந்துச் செலவு, தபால் செலவு தனி. அந்த வியாபாரியிடம், எந்தெந்தத் தேதியில் அழைத்தேன், என்ன பதில் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கச் சொன்னேன். இருபதாயிரத்துச் சொச்சம் என்பது சின்னத் தொகைதான். ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் பின்னால் ஒரு தாள் நிற்கிறது. மன உளைச்சலுக்கு எவ்வளவு என்பதை ஆணையம் தீர்மானிக்கட்டும்.

நட்ட ஈடு தானாக வரும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எண் மாற்றக் கோரிக்கையைத் தவறாக மறுத்தால் ஒரு எண்ணுக்கு 10,000 ரூபாய் வரை கம்பெனி மீது தண்டத் தொகை போட டிராய் விதிகளில் இடமுண்டு. அந்தப் பணம் சந்தாதாரர் கைக்கு வருவதில்லை. நம் நட்டத்தைக் கேட்க நுகர்வோர் ஆணையம்தான் வழி. தொலைபேசித் தகராறெல்லாம் அங்கே செல்லாது, நடுவர்தான் தீர்க்க வேண்டும் என்று கம்பெனிகள் வெகு காலம் வாதாடின. 2022 பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. ஆமதாபாத்தில் அஜய் குமார் அகர்வால் என்பவர் ஒரே மாதத்துக்கு 24,000 ரூபாய்க்கு மேல் வந்த போன் பில்லை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமில்லை. வழக்கறிஞர் இல்லாமலும் நாமே வாதாடலாம். எதிர்த்தரப்பாக இரண்டு கம்பெனியையும் சேருங்கள். இல்லாவிட்டால் வராத கம்பெனியின் தலையில்தான் வந்த கம்பெனி பழியைக் கட்டும்.

கடிதம் போய்ச் சேர்ந்த நான்காம் நாள், புனலூரில் இருந்து அழைப்பு வந்தது. சந்தா நீங்கிவிட்டது. ஆனால் ஓணம் முடிந்திருந்தது. அடுத்த வாரம் பழைய கம்பெனியிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: வாடகை 412 ரூபாயை நல்லெண்ணமாகத் திருப்பித் தருகிறோம், ‘இதோடு எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது’ என்று ஒப்புதல் அனுப்பவும். அண்ணாச்சி மகிழ்ந்துபோய் ‘சரி’ என்று தட்டச் சொல்லி மகனிடம் போனைக் கொடுத்திருக்கிறார். பையன் எனக்குப் போன் பண்ணினான். 412-ஐ வாங்கிக்கொள்ளுங்கள், அந்தக் கடைசி வரிக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள், ‘வாடகைக் கணக்கில் மட்டும் பெற்றுக்கொண்டேன், நட்டக் கோரிக்கை நிற்கிறது’ என்று எழுதுங்கள் என்றேன்.

அப்படியே எழுதியிருக்கிறார்கள். ஆணையத்துக்கு மனுத் தயாராகிறது. இன்னும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. சாயங்காலம் கடையடைத்ததும் பக்கத்து டீக்கடைக்காரரின் பழைய கம்பெனி போனை வாங்கித் தன் எண்ணுக்கு ஒரு தடவை அழைத்து, மடியில் மணியடித்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புகிறாராம்.

அன்புடன்,
ஆசிரியர்