வருடக் கணக்கு மட்டும் போதுமா?

ரயில்வே அலுவலகங்களில் மாதக் கடைசி நாள் பிரிவுபசார நாள். மாலை, சால்வை, வாழ்த்து மடல் எல்லாம் உண்டு. மடலில் இருப்பது என்ன? "36 ஆண்டுகள் அப்பழுக்கற்ற சேவை புரிந்து..." இது சர்வீஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. பெயரை மாற்றினால் அடுத்த மாதம் ஓய்வு பெறுபவருக்கும் பொருந்தும்.

மும்பையில் ஒரு பார்சல் ஆபீசில் அத்தகைய மடலைச் சக ஊழியர்களே திருத்தி எழுதினர். ஓய்வு பெறுபவரோடு வேலை பார்த்த நால்வரிடம் ஆளுக்கொரு சம்பவம் கேட்டனர். இரண்டு தேறின.

புதுப் பையன் ஒருவனுக்குக் கணக்கில் 27 ரூபாய் இடித்தது. "வித்தியாசம் 9 ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், தேடு" என்றார் அவர். 63 என்பது 36 என்று பதிவாகியிருந்தது.

2005 ஜூலை 26 வெள்ளத்தில் ரயில்கள் நின்ற இரவு, ரிஜிஸ்தர்களை அலமாரி மேல் ஏற்றிவிட்டு, ஹமால்களுக்கும் தம் கையால் டீ போட்டுக் கொடுத்தார்.

அதிகாரியும் கூட்டத்தில் இருப்பார் என்பதால் பையனின் பெயரை மடலில் சேர்க்கவில்லை. அதுவும் முறைதான். "36 ஆண்டுகள்" கடைசி வரிக்குப் போயிற்று.

அடுத்த மடல் எழுதுகிறவர்கள், பேனாவை எடுக்குமுன் பக்கத்து மேஜைக்காரரைக் கேட்கட்டும்.