நிறுத்த விலையை எந்தக் கணக்கால் முடிவு செய்கிறீர்கள்?

செம்பனை எண்ணெய் முன்பேரச் சந்தையில் ஈடுபடும் வாசகர்களே, விலை எவ்வளவு இறங்கினால் நட்டத்தோடு வெளியேறுவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? பழைய வணிகங்களை அளந்து முடிவு செய்யும் முறை ஒன்று உண்டு. ஜான் ஸ்வீனி 1990களில் நூலாக எழுதி விளக்கிய முறை அது. நல்ல முறைதான். ஆனால், பாதி வழியில் நிறுத்தினால் அதுவே பணத்தைக் கரைத்துவிடும் என்பது என் கருத்து.

ஒரு வணிகம் முடிவதற்குள் விலை நமக்கு எதிராகச் சென்ற மிக அதிகத் தூரம் பாதக நகர்வு. நமக்கு ஆதரவாகச் சென்ற மிக அதிகத் தூரம் சாதக நகர்வு. முன்னது நிறுத்த விலைக்கும் பின்னது இலாப இலக்கிற்கும் வழிகாட்டும்.

ஒருவர் டன்னுக்கு 60 ரிங்கிட் தொலைவில் நிறுத்தம் வைத்து 40 வணிகங்கள் செய்தார் என வைத்துக்கொள்வோம். 18 வணிகங்களில் சராசரி இலாபம் 50 ரிங்கிட், 22 வணிகங்களில் சராசரி நட்டம் 40 ரிங்கிட். மிச்சம் 20 ரிங்கிட்தான். புர்சா மலேசியாவில் ஓர் ஒப்பந்தம் 25 டன் என்பதால், கட்டணம் போக்காமல் மொத்தம் 500 ரிங்கிட்.

இப்போது பாதக நகர்வைப் பார்க்கிறார். வென்ற 18இல் 2 மட்டுமே 30 ரிங்கிட்டுக்கு மேல் இறங்கியிருந்தன. தோற்ற 22இல் 20 வணிகங்கள் 30ஐத் தாண்டியிருந்தன. நிறுத்தம் 30இல் இருந்திருந்தால் அந்த இரண்டு வெற்றிகள் நட்டமாகியிருக்கும். ஆனால் பெரிய நட்டங்கள் சுருங்கி, மிச்சம் 100 ரிங்கிட்டாகியிருக்கும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த 30 என்ற எண் இந்த 40 வணிகங்களைப் பார்த்தே தேர்ந்தெடுக்கப்பட்டது. அவற்றிலேயே அது நன்றாகத் தெரிவதில் வியப்பென்ன? தேர்வில் வரும் கேள்விகளையே முன்கூட்டிப் பார்த்துவிட்ட மாணவனின் மதிப்பெண் போன்றது அது.

ஆகவே, கணக்கில் சேர்க்காமல் தனியே வைத்த அடுத்த 20 வணிகங்களில் 30ஐச் சோதியுங்கள். அங்கே வென்ற 9இல் 4 வணிகங்கள் முதலில் 30க்கு மேல் இறங்கி, பிறகே ஏறியிருந்தால், அந்த எண் தற்செயலாக அமைந்தது என்று பொருள். அதோடு 28, 30, 32 மூன்றும் ஏறக்குறைய ஒரே விளைவைத் தர வேண்டும். 30இல் மட்டும் இலாபம் துள்ளினால் நம்பாதீர்கள்.

இன்னொரு வரம்பும் உண்டு. 60இல் வெளியேறியவரின் குறிப்பேட்டில் 60க்கு அப்பால் நடந்தது இருக்காது. எனவே நிறுத்தத்தைக் குறுக்குவது பற்றி மட்டுமே அது பேசும். அகட்டுவது பற்றிப் பேசாது. இலாப இலக்கும் அப்படியே. இலக்கைத் தொட்டதும் விற்றுவிட்டால் சாதக நகர்வும் அங்கேயே வெட்டுப்படும். மேலும் எவ்வளவு ஏறியது என்பதை, விற்ற பின்னான விலைப் பதிவைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும்.

சோதனையில் தேறாத எண்ணுக்குப் பணத்தை ஒப்படைக்காதீர்கள். பழைய 60ஐயே வைத்துக்கொண்டு, இன்னும் சில மாதங்கள் குறித்து வாருங்கள்.